மேக்சல்ஃபா, நிஃபெடிபினா? ஒரே மதகை அடைக்கும் இரண்டு மருந்துகள்

பிரசவ வார்டுக்குப் புதிதாக வேலைக்கு வரும் செவிலியர்களில் ஒருவராவது ஒவ்வொரு ஆண்டும் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். "மெக்னீசியம் இயற்கையான கால்சியம் சேனல் பிளாக்கர் என்று வகுப்பில் சொன்னார்கள். நிஃபெடிபினும் கால்சியம் சேனல் பிளாக்கர்தான். அப்படியிருக்க இந்த அம்மாவுக்கு இரண்டும் எதற்கு அக்கா? ஒன்று போதாதா?"

நல்ல கேள்வி. இதில் மெக்னீசியம் என்பது நாங்கள் வார்டில் மேக்சல்ஃப் என்று சொல்லும் மெக்னீசியம் சல்ஃபேட் ஊசி. கடைசியாக இதைக் கேட்ட பெண்ணுக்கு நின்றுகொண்டே பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

அன்று எங்கள் முன்னால் படுத்திருந்தவருக்கு வயது 22. முதல் பிரசவம், 35 வாரம். ரத்த அழுத்தம் 170/114. சிறுநீரில் புரதம் மூன்று பிளஸ். விடிந்ததிலிருந்து மண்டையைப் பிளக்கும் தலைவலி, கண்ணில் பூச்சி பறக்கிறது என்று சொன்னார். வலிப்பு இன்னும் வரவில்லை. கர்ப்பகால ரத்த அழுத்தம் முற்றி, வலிப்பின் வாசலில் நிற்கும் நிலை இது. இவரை இரண்டு ஆபத்துகள் நெருங்குகின்றன. அழுத்தம் ஏறி மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கலாம். மூளை நரம்புகள் கட்டுமீறி வலிப்பு வரலாம். எந்த மருந்து எந்த ஆபத்துக்கு என்பதுதான் முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

அதற்கு முதலில் மதகைப் பார்க்க வேண்டும்.

ஒரு செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியத்தின் அடர்த்தி, ஓய்வாக இருக்கும் செல்லுக்கு உள்ளே இருப்பதைப்போல் சுமார் 10,000 மடங்கு. நிரம்பி வழியும் ஏரியையும் அதன் கரைக்குக் கீழே காய்ந்து கிடக்கும் வயலையும் நினைத்துக்கொள்ளுங்கள். செல்லின் சவ்வில் இருக்கும் கால்சியம் வழிகள்தான் மதகுகள். மதகு நொடியில் ஒரு சிறு பங்கு நேரம் திறந்தாலே கால்சியம் பாய்ந்து உள்ளே வரும். அது வந்தால் தசை சுருங்கும், நரம்பு முனை தன் செய்திப் பொருளை வெளியே கொட்டும். மெக்னீசியத்துக்கு இப்படிப்பட்ட சரிவு கிடையாது. கட்டுப்படாமல் தனித்திருக்கும் மெக்னீசியம் செல்லின் இருபுறமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கிறது. பாய்ந்து வர அதற்கு அவசரமில்லை. அது மதகு வாயில் வந்து நிற்கும்.

ஏன் நிற்கிறது என்பதற்குத் தண்ணீர்தான் காரணம். கால்சியம், மெக்னீசியம் இரண்டும் இரட்டை நேர்மின்னேற்றம் கொண்டவை. வெறும் அயனியாகப் பார்த்தால் மெக்னீசியம்தான் சிறியது. ஆனால் ரத்தத்தில் எந்த அயனியும் வெறுமனே திரிவதில்லை, தன்னைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டுதான் திரியும். சிறிய உடம்பில் அதே மின்னேற்றம் செறிந்திருப்பதால் மெக்னீசியம் தன் ஆறு தண்ணீர் மூலக்கூறுகளையும் இறுக்கிப் பிடித்திருக்கும். கால்சியத்தின் பிடி தளர்ந்தது, மெக்னீசியத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் அதிகமான வேகத்தில் அது தண்ணீரை மாற்றிக்கொள்ளும். கால்சியம் மதகின் கழுத்தில் குளூட்டமேட் என்ற எதிர்மின்னேற்ற அமினோ அமிலங்கள் நான்கு வளையமாக நிற்கின்றன. கால்சியம் அங்கே வந்ததும் போர்வையை உதறிவிட்டு அந்த நான்கின் கையைப் பிடித்து உள்ளே நழுவுகிறது. மெக்னீசியமும் அதே எதிர்மின்னேற்றத்தால் இழுக்கப்பட்டு வருகிறது. ஆனால் போர்வையை எளிதில் உதற முடியாததால் குறுகிய கழுத்தில் நுழைய முடிவதில்லை. அது நிற்கும் நேரமெல்லாம் கால்சியத்துக்கு வழியில்லை. மெக்னீசியத்தை இயற்கையான கால்சியம் தடுப்பான் என்று சொல்வதன் பொருள் இவ்வளவுதான்.

இந்தத் தடுப்பு நிரந்தரமானதல்ல. மெக்னீசியம் அங்கே ஒட்டிக்கொள்வதில்லை, வந்து வந்து போகிறது. வாசலில் யார் எண்ணிக்கை அதிகமோ அவர்களுக்கே வழி. மெக்னீசியத்தைக் கூட்டினால் கால்சியம் நுழைவது குறையும், கால்சியத்தைக் கூட்டினால் மெக்னீசியம் விலகும். மதகு என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில் மெல்ட்சர், ஆவர் என்ற இருவர் இதைக் கண்டுவிட்டார்கள். மெக்னீசியம் செலுத்தி அசைவற்றுக் கிடந்த விலங்குகளுக்குக் கால்சியம் கரைசலைச் செலுத்தியதும் அவை எழுந்தன என்று 1908இல் எழுதினார்கள். 1950களில் லண்டனில் பெர்னார்ட் காட்ஸும் உடன் உழைத்தவர்களும் தவளைத் தசையில் இதையே அளந்து காட்டினார்கள். மெக்னீசியத்தைக் கூட்டினால் நரம்பு முனை வெளியிடும் அசிட்டைல்கோலின் குறைந்தது, கால்சியத்தைக் கூட்டினால் மீண்டது. எங்கள் வார்டின் மருந்துத் தட்டில் மெக்னீசியத்துக்குப் பக்கத்திலேயே கால்சியம் குளூக்கோனேட் ஆம்பூல் இருப்பதற்கு இதுதான் காரணம். அதற்குப் பிறகு வருகிறேன்.

நிஃபெடிபின் வேலை செய்யும் விதமே வேறு. ஜெர்மனியில் ஃப்ளெக்கென்ஸ்டைன் என்ற உடலியங்கியல் அறிஞர் 1960களில் சில மருந்துகளை ஆராய்ந்தபோது, அவை கொடுக்கப்பட்ட இதயத்தசை கால்சியத்தை எடுத்துவிட்டால் எப்படிச் சோர்ந்துபோகுமோ அப்படியே சோர்வதைக் கண்டார். கால்சியம் சேனல் பிளாக்கர் என்ற மருந்துக் குடும்பம் அங்கிருந்து வளர்ந்தது. இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த நிஃபெடிபின் மதகு வாயில் நிற்பதில்லை. மதகின் பக்கச் சுவரில் தனக்கென்று இருக்கும் பொந்தில் போய் உட்கார்ந்துகொண்டு, மதகைத் திறக்கவிடாமல் செய்கிறது. அந்தப் பொந்து எல்லா மதகிலும் கிடையாது. எல் வகை என்று பெயரிட்ட மதகுகளில்தான் உண்டு. ரத்தக்குழாய்ச் சுவரின் மென்தசை, கர்ப்பப்பைத் தசை, இதயத்தசை இவற்றிலெல்லாம் வேலை செய்வது எல் வகை. நரம்பு முனையில் செய்திப் பொருளைக் கொட்டவைப்பவை பெரும்பாலும் பி-கியூ, என் என்ற வேறு வகைகள். நிஃபெடிபினுக்கு அவை பூட்டிய வீடு.

மெக்னீசியத்துக்கு அந்தப் பாகுபாடு கிடையாது, எல்லா வகை மதகிலும் போய் நிற்கும். அதோடு மூளையில் இன்னொரு வழியிலும் அது காவல் இருக்கிறது. குளூட்டமேட் என்ற செய்திப் பொருளுக்குத் திறக்கும் என்எம்டிஏ வழி அது. நரம்பு ஓய்வாக இருக்கும்போது மெக்னீசியம் அந்த வழிக்குள் இழுபட்டுத் தக்கைபோல் அடைத்துக்கொள்கிறது என்பது 1984இல் தெரியவந்தது. நரம்பு பலமாகத் தூண்டப்பட்டால்தான் தக்கை தெறிக்கும், கால்சியம் உள்ளே வரும். வலிப்பு என்பது இப்படித் தக்கைகள் வரிசையாகத் தெறித்து, ஒரு நரம்பு அடுத்ததை மூட்டிவிடும் நிலை. தக்கைகள் அதிகமிருந்தால் அந்தச் சங்கிலி எளிதில் தொடங்காது.

ஆக, தசை என்று வந்தால் இரண்டுக்கும் வேலை உண்டு. அதில் நிஃபெடிபின் கை ஓங்கியது. நரம்பு என்று வந்தால் மெக்னீசியத்துக்கு மட்டும்தான் வேலை. இது வெறும் கணக்கா, நோயாளியிடம் உண்மையாகுமா என்று கேட்பவர்களுக்கு 2003இல் வெளியான ஓர் ஆய்வு நேரடியாகப் பதில் சொன்னது. நிஃபெடிபினின் நெருங்கிய உறவான, மூளைக்குள் எளிதாகப் போகக்கூடிய நிமோடிபினை ஒரு பக்கமும் மெக்னீசியம் சல்ஃபேட்டை இன்னொரு பக்கமும் வைத்து, முற்றிய கர்ப்பகால ரத்த அழுத்தம் உள்ள 1,650 பெண்களிடம் ஒப்பிட்டார்கள். நிமோடிபின் பெற்ற 819 பேரில் 21 பேருக்கு வலிப்பு வந்தது. மெக்னீசியம் பெற்ற 831 பேரில் 7 பேருக்குத்தான் வந்தது. மூளையின் ரத்தக்குழாயை விரிப்பதற்கென்றே பெயர்பெற்ற கால்சியம் சேனல் பிளாக்கரே மூன்று மடங்கு பின்தங்கியது. பெயர் ஒன்றாக இருப்பதால் மருந்து ஒன்றாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

வலிப்புக்கென்றே இருக்கும் மருந்துகள் போதாதா என்றும் கேட்பார்கள். ஒரு காலத்தில் டயஸிபாமும் ஃபெனிட்டோயினும்தான் பல மருத்துவமனைகளில் முதல் கை. 1995இல் இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில், ஏற்கனவே வலிப்பு வந்த கர்ப்பிணிகளிடம் மெக்னீசியத்தை இவற்றோடு ஒப்பிட்ட ஆய்வு வெளியானது. டயஸிபாம் பெற்றவர்களில் 27.9 சதவீதம் பேருக்கு வலிப்பு திரும்ப வந்தது, மெக்னீசியம் பெற்றவர்களில் 13.2 சதவீதம். ஃபெனிட்டோயினோடு நடந்த தனி ஒப்பீட்டில் 17.1க்கு எதிரே 5.7. டயஸிபாம் மூளையை அமர்த்தும் வழியைத் தூண்டிவிடுகிறது, ஃபெனிட்டோயின் சோடியம் வழியைத் தடுக்கிறது. இரண்டும் இந்த நோயின் நாடியைப் பிடிக்கவில்லை. டயஸிபாமில் தாய் மயங்கிக் கிடப்பார், குழந்தை துவண்டு பிறக்கும் என்ற தொல்லையும் உண்டு. 2002இல் 33 நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த மேக்பை ஆய்வு, வலிப்பு வருமுன்னே மெக்னீசியம் கொடுத்தால் வலிப்பு வருவது பாதிக்கும் கீழே குறைகிறது என்று காட்டியது. மெக்னீசியம் பெற்றவர்களில் 0.8 சதவீதம், பெறாதவர்களில் 1.9 சதவீதம்.

மெக்னீசியம் தசையை முடக்கி வலிப்பை மறைக்கிறதே தவிர மூளையைக் காக்கவில்லை என்று சிலர் நெடுநாள் வாதிட்டார்கள். சிகிச்சை அளவில் இருக்கும் பெண்ணைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு அந்த வாதம் நிற்காது. அவர் பேசுகிறார், எழுந்து உட்கார முயல்கிறார், தண்ணீர் கேட்கிறார். தசை முடங்கும் அளவு அதற்கு மேலே இருக்கிறது.

இனி அந்த 22 வயதுப் பெண்ணிடம் திரும்புவோம். அழுத்தத்துக்கு நிஃபெடிபின் 10 மி.கி. வாய்வழியாகக் கொடுத்தோம். கேப்ஸ்யூலை உடைத்து நாக்கின் அடியில் பிழிவது பழைய பழக்கம், அதைச் செய்யக் கூடாது. அழுத்தம் சட்டென்று சரிந்தால் நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தமும் சரியும், குழந்தையின் இதயத்துடிப்பு விழும். அரை மணி நேரத்தில் 154/100க்கு இறங்கியது. அந்த அளவு போதும், 120/80க்குக் கொண்டுவருவது அன்றைய வேலை இல்லை.

வலிப்பைத் தடுக்க மேக்சல்ஃப். எங்கள் ஊர் ஆம்பூலில் 50 சதவீதக் கரைசல் 2 மி.லி. இருக்கும், அதில் ஒரு கிராம். நான்கு ஆம்பூல், அதாவது 8 மி.லி. எடுத்து, அதோடு 12 மி.லி. ஊசித் தண்ணீர் சேர்த்து 20 மி.லி. ஆக்கினால் 20 சதவீதக் கரைசலில் 4 கிராம். அதை ரத்தக்குழாயில் ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாகச் செலுத்த வேண்டும். பிறகு நீர்க்காத 50 சதவீதக் கரைசலில் இடுப்பின் இருபுறமும் 5 கிராம் வீதம், ஆழமான தசை ஊசி. தொடக்க அளவு மொத்தம் 14 கிராம். அதன்பின் நான்கு மணிக்கு ஒருமுறை 5 கிராம், பக்கம் மாற்றி மாற்றி. பிரிட்சர்ட் முறை என்பது இதுதான். பம்ப் வசதி இருக்கும் இடங்களில் தசை ஊசிக்குப் பதிலாக மணிக்கு ஒரு கிராம் வீதம் ரத்தக்குழாயில் ஓடவிடுவார்கள். கண்காணிக்க ஆளும் பம்பும் இருந்தால் நான் அதையே விரும்புவேன், தசை ஊசியின் வலி கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் ஆம்புலன்ஸில் இரண்டு மணி நேரம் போக வேண்டிய பெண்ணுக்குத் தசை ஊசிதான் பாதுகாப்பு. தசையில் தேங்கிய மருந்து தானே மெல்லக் கசிந்து ரத்தத்தில் சேர்ந்துகொண்டிருக்கும்.

ரத்தக்குழாயில் போடும் ஊசி பாதி போவதற்குள் அந்தப் பெண்ணின் முகமும் கழுத்தும் சிவந்து வியர்த்தன. "உடம்பெல்லாம் நெருப்பாக எரிகிறது சிஸ்டர்" என்றார். பக்கத்தில் நின்ற அவருடைய அம்மா ஊசியை நிறுத்தச் சொல்லி அழுதுவிட்டார். தோலின் ரத்தக்குழாய்த் தசையில் கால்சியம் நுழைவது குறைந்து, குழாய்கள் விரிவதுதான் அந்தச் சூடு. ஒவ்வாமை இல்லை. சில நிமிடங்களில் அடங்கிவிடும் என்பதை ஊசியை எடுக்கும் முன்பே சொல்லிவைப்பது நல்லது. அன்று நான் சொல்ல மறந்தேன், அந்தத் தாயைத் தேற்றப் பத்து நிமிடம் ஆயிற்று. இந்த விரிவு அழுத்தத்தையும் கொஞ்சம் குறைக்கும், ஆனால் அதை நம்பி நிஃபெடிபினை நிறுத்தக் கூடாது.

மெக்னீசியத்தின் மறுபக்கம் இனிமேல்தான் வருகிறது. மதகுகளைப் பாகுபடுத்தத் தெரியாததால்தான் அது நரம்பில் வேலை செய்கிறது, அதே காரணத்தால்தான் அளவு மீறினால் கொல்லவும் செய்கிறது. நாம் கைகால் அசைப்பதும் மூச்சிழுப்பதும் எலும்புத்தசையால். அந்தத் தசை சுருங்கத் தேவையான கால்சியத்தைத் தன் உள்சேமிப்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது, வெளி மதகை நம்பியிருப்பதில்லை. அதனால்தான் நிஃபெடிபின் எவ்வளவோ ரத்தக்குழாயைத் தளர்த்தினாலும் நோயாளியின் கை சோர்வதில்லை. ஆனால் அந்தத் தசைக்குக் கட்டளை கொண்டுவரும் நரம்பு முனை வெளி மதகை நம்பித்தான் இருக்கிறது. மெக்னீசியம் அங்கே மிகுந்தால் அசிட்டைல்கோலின் வராது, தசை கேட்காது.

நல்லவேளையாக இது படிப்படியாக நடக்கிறது. இயல்பான ரத்தத்தில் மெக்னீசியம் டெசிலிட்டருக்குச் சுமார் 2 மி.கி. சிகிச்சையில் 5 முதல் 8 வரை கொண்டுபோகிறோம். 9ஐத் தாண்டும்போது முழங்கால் அனிச்சை மறையத் தொடங்கும், 12ஐத் தாண்டினால் மூச்சு மந்தமாகும், 30ஐத் தாண்டினால் இதயம் நிற்கும். ஆகவே ஒவ்வொரு தசை ஊசிக்கு முன்னும் மூன்றைப் பார்க்கிறோம். முழங்காலில் தட்டினால் கால் உதைக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையாமல் இருக்கிறதா, கடந்த நான்கு மணி நேரத்தில் சிறுநீர் 100 மி.லி.யாவது வந்ததா. மெக்னீசியம் உடம்பை விட்டு வெளியேற சிறுநீரகத்தைத் தவிர வேறு வழியில்லை. இந்த நோயோ சிறுநீரகத்தையே தாக்குவது. சிறுநீர் குறைந்தால் சரியான அளவே மிகையளவாகிவிடும்.

அந்தப் பெண்ணுக்கு மூன்றாவது தசை ஊசி நேரத்தில், அதிகாலை நான்கு மணிக்கு, சிறுநீர்ப் பையில் 60 மி.லி.தான் இருந்தது. சுத்தியலால் தட்டினேன். வலது கால் லேசாக அசைந்தது, இடது கால் கிடந்த இடத்தில் கிடந்தது. மூச்சு 18. சந்தேகத்துக்கு இடமில்லை, அந்த ஊசியை நிறுத்திவைத்து மருத்துவரை எழுப்பினோம். மூச்சு மந்தமாகியிருந்தால் கால்சியம் குளூக்கோனேட் 10 சதவீதக் கரைசல் 10 மி.லி., அதாவது ஒரு கிராம், ரத்தக்குழாயில் மெதுவாகப் போயிருக்கும். மெல்ட்சரும் ஆவரும் செய்ததையேதான் நாமும் செய்வோம், வாசலில் கால்சியத்தின் எண்ணிக்கையைக் கூட்டி மெக்னீசியத்தை விலக்குவோம். நிஃபெடிபின் மிகையானாலும் கால்சியம் கொடுப்பதுண்டு, ஆனால் இவ்வளவு சுத்தமாக வேலை செய்யாது. அது வாசலில் நிற்கவில்லையே, சுவரின் பொந்தில் அல்லவா உட்கார்ந்திருக்கிறது.

இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அழுத்தம் பாதாளத்துக்கு விழுமோ, தசை செயலிழக்குமோ என்ற பயம் ஒரு சில நோயாளிகளின் அனுபவத்திலிருந்து எழுந்தது. பின்னர் நிறையப் பேரின் பதிவுகளை ஒப்பிட்டபோது, சேர்த்துக் கொடுத்தவர்களுக்குத் தசைத் தளர்ச்சி கூடுதலாக வரவில்லை. அழுத்தத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டு சேர்த்தே கொடுக்கலாம். மயஸ்தீனியா கிராவிஸ் இருப்பவர்களுக்கு மட்டும் மெக்னீசியத்தைத் தொடக் கூடாது. அவர்களுக்கு நரம்பும் தசையும் சேரும் இடம் ஏற்கனவே நலிந்திருக்கிறது.

நாள் நிறையும் முன் வலி எடுத்தவரிடம் கணக்கு தலைகீழாகும். கர்ப்பப்பைத் தசை எல் வகை மதகை நம்பியது, ஆகவே சுருக்கத்தைத் தள்ளிப்போட நிஃபெடிபின்தான் நல்ல தேர்வு. ஒரு காலத்தில் அதற்கும் மெக்னீசியத்தை ஊற்றினார்கள், பிரசவத்தை அது தள்ளிப்போடவில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆனால் 32 வாரத்துக்கு முன்பே பிரசவம் ஆகப்போகிறது என்றால் மெக்னீசியம் மீண்டும் உள்ளே வருகிறது, இந்த முறை குழந்தையின் மூளைக்காக. மூளைவாதம் வருவதை அது குறைக்கிறது. இங்கும் தசைக்கு மாத்திரை, நரம்புக்கு உப்பு.

வீட்டில் ரத்த அழுத்தத்துக்கு, நிஃபெடிபினின் உறவான அம்லோடிபின் சாப்பிடும் அப்பாவுக்கு அதை நிறுத்திவிட்டு மெக்னீசியம் மாத்திரை கொடுக்கலாமா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். கூடாது. நாங்கள் வார்டில் ரத்தத்தில் மெக்னீசியத்தின் அளவை மூன்று நான்கு மடங்கு ஏற்றுகிறோம். வாயால் சாப்பிடுவதில் ஒரு பகுதிதான் குடலில் சேரும், மிகுந்தால் வயிற்றைக் கலக்கும், ரத்தத்தில் கூடியதைச் சிறுநீரகம் உடனே வெளியேற்றிவிடும். மதகு வாயில் கூட்டம் சேர்வதே இல்லை. ஆய்வுகளில் அழுத்தம் குறைந்தது சராசரியாக 2 புள்ளி அளவுக்குத்தான். சிறுநீரகம் பழுதானவர்களுக்கோ அந்த மாத்திரையே ஆபத்து.

அன்று விடிகாலை ஐந்தரைக்குச் சிறுநீர் 40 மி.லி. சேர்ந்திருந்தது. ஆறு மணிக்கு மறுபடி தட்டினேன், இரண்டு காலும் உதைத்தன. மருத்துவரைக் கேட்டுக்கொண்டு நிறுத்திவைத்த ஊசியைப் போட்டோம். பகல் பதினொன்றரைக்கு 2.1 கிலோவில் ஒரு பெண் குழந்தை அழுதுகொண்டே பிறந்தது. அதிலிருந்து 24 மணி நேரத்துக்கு மேக்சல்ஃப் தொடர்ந்தது, ஏனென்றால் வலிப்பு பிரசவத்துக்குப் பிறகும் வரும். மறுநாள் சுத்தியலோடு நான் போனபோது அந்தப் பெண் தானே போர்வையை விலக்கி முழங்காலைக் காட்டினார்.